இருபதாயிரம் சம்பளம், முப்பதாயிரம் செலவு: புது ஆள் எடுக்கும் முன் போட வேண்டிய ஓராண்டுக் கணக்கு

கஞ்சிக்கோட்டில் அட்டைப்பெட்டி செய்யும் ஒரு கம்பெனியில் கணக்கு பார்க்கிறேன். வீடு கொழிஞ்சாம்பாறைப் பக்கம். எங்கள் ஆட்களில் பாதிப் பேர் வாளையாறு தாண்டி மதுக்கரையிலிருந்து வருகிறவர்கள், மீதிப் பேர் பாலக்காட்டுக்காரர்கள். போன வருடம் டிஸ்பாட்சில் ஒரு ஆள் கூடுதலாக வேண்டும் என்று பேச்சு வந்தபோது முதலாளி சாதாரணமாகச் சொன்னார்: “இருபதாயிரம் ரூபாய்க்கு ஒரு பையன். வருசத்துக்கு ரெண்டு லட்சத்து நாப்பதாயிரம். போட்டுக்கப்பா.”

“இல்லீங்க, மூணரை லட்சத்துக்கு மேல வரும்” என்றேன். நம்பவில்லை. தாளில் போட்டுக் காட்டினேன். அந்தத் தாளைத்தான் இங்கே விரித்து எழுதுகிறேன். முதல்முறையாக ஆள் எடுக்கப் போகும் சிறு தொழில்காரர்களுக்கும், அவர்களிடம் கணக்கு எழுத வந்திருக்கும் புதியவர்களுக்கும் இது போதும்.

முதலில் தலையை எண்ணுங்கள்

சம்பளத்தைப் பற்றி யோசிக்கும் முன்பு, வரப்போகிறவர் எத்தனையாவது ஆள் என்று பாருங்கள். பத்து, இருபது என்ற இரண்டு எண்களில் சட்டம் உள்ளே வருகிறது. பத்து பேர் ஆனால் இ.எஸ்.ஐ.யும் கிராஜுவிட்டியும், இருபது பேர் ஆனால் பி.எஃப்.பும் போனஸும். ஒப்பந்தக்காரர் மூலம் வரும் ஆட்களையும் சேர்த்தே எண்ண வேண்டும். பி.எஃப்., இ.எஸ்.ஐ. இரண்டும் ஒருமுறை ஒட்டிக்கொண்டால், பிறகு ஆள் எண்ணிக்கை குறைந்தாலும் விடாது.

இப்போது பத்தொன்பது பேர் இருக்கிறார்கள், யாருக்கும் பி.எஃப். கட்டவில்லை என்று வையுங்கள். இருபதாவது ஆள் வரும் நாளிலிருந்து அந்தப் பத்தொன்பது பேருக்கும் கட்ட வேண்டும். அடிப்படைச் சம்பளம் சராசரியாக 12,000 என்றால் ஆளுக்கு மாதம் 1,560 ரூபாய். பத்தொன்பது பேருக்கு ஆண்டுக்கு 3,55,680. அந்த இருபதாவது ஆளின் சம்பளத்தைவிட அவர் வந்து உட்கார்வதால் வரும் செலவு அதிகம். அதற்காக ஆளை மறைத்து வைக்கச் சொல்லவில்லை; அப்படிச் செய்து பின்னால் வட்டியும் அபராதமும் சேர்த்துக் கட்டியவர்களைப் பார்த்திருக்கிறேன். ஆனால் ஒரே ஒரு ஆள் போதுமா, இன்னும் இருவர் தேவைப்படுமா என்பதை அந்த எல்லையில் நின்று யோசிப்பது வேறு.

எங்கள் கம்பெனியில் 26 பேர். எல்லாம் ஏற்கெனவே இருக்கிறது. அதனால் புது ஆளின் கணக்கு அவரோடு முடிந்துவிடும்.

சம்பளத்தோடு சேர்ந்து வருவது

நாங்கள் பேசிய சம்பளம் மாதம் 20,000. அடிப்படையும் அகவிலைப்படியும் சேர்ந்து 15,000, வீட்டு வாடகைப் படி 5,000. சிலர் பி.எஃப்.பைக் குறைக்க அடிப்படையை ஆறாயிரம், ஏழாயிரம் என்று வைத்துவிட்டு மீதியை விதவிதமான படிகளாகப் பிரிப்பார்கள். 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த தொழிலாளர் சட்டத் தொகுப்புகளில், படிகள் மொத்தத்தில் பாதிக்கு மேல் போனால் அந்த மிகுதியும் ஊதியமாகவே எண்ணப்படும். எனவே அந்த வித்தையை நம்பி பட்ஜெட் போடாதீர்கள்.

வேலை கேரளத்தில் என்பதால் கேரளத்தின் குறைந்தபட்சக் கூலிதான் கணக்கு. ஆள் மதுக்கரையில் குடியிருப்பதால் தமிழ்நாட்டுக் கூலி பொருந்தும் என்று ஒருவர் என்னிடம் வாதாடினார்; வீடு எங்கே என்பது இதில் வராது, வேலை எங்கே என்பதுதான். தொழில் வரியும் அப்படியே, கஞ்சிக்கோடு இருக்கும் புதுசேரி பஞ்சாயத்துக்குத்தான் அரையாண்டுக்கு ஒருமுறை போகிறது (பாண்டிச்சேரிக்கும் இந்தப் புதுசேரிக்கும் சம்பந்தமில்லை). அது ஆளின் சம்பளத்திலிருந்து பிடித்துக் கட்டுவது, நம் செலவில் சேராது.

பி.எஃப்.பில் நம் பங்கை 12 சதவீதம் என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். கட்டுவது 13. கூடுதல் ஒன்றில் அரை சதவீதம் காப்பீட்டுக்கு, அரை சதவீதம் நிர்வாகச் செலவுக்கு. 15,000 ரூபாய் வரைதான் கட்டாயம். 15,000-க்கு 13 சதவீதம் 1,950, ஆண்டுக்கு 23,400. மறு மாதம் 15-ஆம் தேதிக்குள் கட்டியாக வேண்டும்.

இ.எஸ்.ஐ.யில் நம் பங்கு 3.25 சதவீதம், ஆளின் பங்கு 0.75. நான் பட்ஜெட்டில் மொத்தச் சம்பளத்தின் மேலேயே போடுகிறேன், கொஞ்சம் கூடுதலாக நின்றால் நல்லதுதான். 20,000-க்கு 650, ஆண்டுக்கு 7,800.

போனஸில்தான் நிறையப் பேர் சறுக்குவது. குறைந்தபட்ச போனஸ் 8.33 சதவீதம் என்பது எல்லோருக்கும் தெரியும். அதை 7,000 ரூபாய்க்குப் போட்டு, ஆண்டுக்கு ஏழாயிரம் என்று எழுதி விடுகிறார்கள். விதி அப்படி இல்லை. 7,000 அல்லது அந்த வேலைக்கான குறைந்தபட்சக் கூலி, இதில் எது அதிகமோ அதற்குத்தான் போட வேண்டும். எங்கள் அடிப்படைச் சம்பளம் குறைந்தபட்சக் கூலியை ஒட்டியே இருப்பதால் நாங்கள் முழு 15,000-க்கும் போடுகிறோம். பன்னிரண்டு மாதத்துக்கு 8.33 சதவீதம் என்றால் ஏறக்குறைய ஒரு மாத அடிப்படைச் சம்பளம், 15,000 ரூபாய். நினைத்ததற்கு இரண்டு மடங்கு.

கிராஜுவிட்டி ஐந்து ஆண்டு முடிந்தால்தானே என்று விட்டுவிடுவது இன்னொரு பழக்கம். ஓர் ஆண்டுக்கு 15 நாள் சம்பளம், மாதத்தை 26 நாளாக எண்ணி. 15,000-ஐ 15-ஆல் பெருக்கி 26-ஆல் வகுத்தால் 8,650 சொச்சம். இந்த ஆண்டு கையிலிருந்து போகாது, ஆனால் இந்த ஆண்டு வேலைக்கான கடன் அது. குறிப்பிட்ட கால ஒப்பந்தத்தில் ஆள் எடுத்தால், புதிய சட்டத்தில் ஓர் ஆண்டிலேயே கிராஜுவிட்டி உண்டு. அப்போது இது நிஜமாகவே கைக்காசு.

இவ்வளவையும் ஒரே வரியில் போட, கணினித் தாளில் B1-இல் மொத்தச் சம்பளமும் B2-இல் அடிப்படையும் அகவிலைப்படியும் சேர்ந்த தொகையையும் எழுதிக்கொண்டு, இதைப் போடுங்கள்:

```
=B1*12 + MIN(B2,15000)*13%*12 + IF(B2<=21000,B1*3.25%*12,0) + B2*8.33%*12 + B2*15/26
```

எங்கள் எண்களுக்கு 2,94,848 வருகிறது. தாளில் 2,94,850 என்று வைத்துக்கொண்டேன். மேசை நாற்காலி எதுவும் வாங்கும் முன்பே இருபதாயிரம் ரூபாய் ஆள் மாதம் 24,570 ரூபாய் ஆகிவிட்டார்.

மேசையும் மடிக்கணினியும்

எங்கள் பழைய தவறை இங்கே சொல்லிவிடுகிறேன். சில வருடங்களுக்கு முன்பு பில் போட ஒரு பெண்ணை எடுத்தோம். மடிக்கணினி வாங்கியாயிற்று, மேசை போட்டாயிற்று. அவர் சேர்ந்த திங்கட்கிழமை காலை பில் போடும் மென்பொருளைத் திறந்தால் திறக்கவில்லை. நாங்கள் வைத்திருந்தது ஒரு ஆள் மட்டும் பயன்படுத்தும் லைசென்ஸ். என் கணினியில் திறந்திருக்கும்வரை அவருக்கு வராது. பலர் பயன்படுத்தும் லைசென்ஸாக மாற்ற ஐம்பதாயிரத்துக்கு மேல் ஆனது. யார் பட்ஜெட்டிலும் இல்லாத ஐம்பதாயிரம். அது வரும்வரை அந்தப் பெண் இரண்டு நாள் லாரி நோட்டில் கையால் எழுதிக்கொண்டிருந்தார்.

அதிலிருந்து கருவிப் பட்டியலை நான் கடைக்காரரிடம் கேட்டுப் போடுவதில்லை. ஏற்கெனவே அந்த வேலையைச் செய்கிறவர் பக்கத்தில் ஒரு நாள் உட்கார்ந்து, காலை முதல் மாலை வரை எதைத் தொடுகிறார் என்று எழுதுகிறேன். டிஸ்பாட்சுக்கு எழுதியபோது மடிக்கணினி, இ-வே பில்லுக்கு ஓ.டி.பி. வரும் கம்பெனி கைபேசி, கரண்ட் போனால் தாங்க ஒரு யு.பி.எஸ்., மேசை நாற்காலி என்று நின்றது. பிரிண்டர் பக்கத்து மேசையில் உள்ளதே போதும். லைசென்ஸும் இப்போது பலருக்கானது.

மடிக்கணினி 42,000, கைபேசி 9,000, யு.பி.எஸ். 3,500, மேசை நாற்காலி 9,500. மொத்தம் 64,000. இவை ஜி.எஸ்.டி. இல்லாத விலைகள். எங்களுக்கு உள்ளீட்டு வரி திரும்பக் கிடைப்பதால் அப்படி எழுதுகிறேன். காம்போசிஷன் திட்டத்தில் இருப்பவர்கள், வரி இல்லாத பொருள் மட்டும் விற்பவர்கள் 18 சதவீதத்தையும் சேர்த்து எழுத வேண்டும், அது அவர்களுக்குத் திரும்பாது.

இந்த 64,000-ஐ முழுவதும் முதல் ஆண்டுச் செலவில் ஏற்றக் கூடாது. மடிக்கணினி, கைபேசி, யு.பி.எஸ். மூன்றையும் மூன்று ஆண்டுக்குப் பிரிக்கிறேன், மேசை நாற்காலியை ஐந்துக்கு. ஆண்டுக்கு 20,100 வருகிறது. வருமான வரியில் கணினிக்கு 40 சதவீதத் தேய்மானம் உண்டே என்று ஆடிட்டர் சொல்வார். அது வரிக் கணக்கு. நமக்கு வேண்டியது அந்தப் பொருள் எத்தனை நாள் உழைக்கும் என்பது. கார்ட்போர்ட் தூசியில் எங்கள் கணினிகள் மூன்று ஆண்டுக்கு மேல் ஒழுங்காக ஓடியதில்லை.

கைபேசி ரீசார்ஜ், மின்னஞ்சல், வைரஸ் தடுப்பு, தினம் இரண்டு வேளை டீ எல்லாம் சேர்த்து ஆண்டுக்கு 13,600 போட்டேன். டீயைப் போட்டதற்கு முதலாளி சிரித்தார். முந்நூறு நாளுக்கு இருபது ரூபாய் வீதம் ஆறாயிரம், சிரிப்பு நின்றது.

ஆளைக் கண்டுபிடிக்கும் செலவு

தமிழும் மலையாளமும் படிக்கத் தெரிந்து, இ-வே பில் போட்ட அனுபவமும் இருக்க வேண்டும் என்றால் எல்லைப் பக்கத்தில் ஆள் இருக்கிறார்கள், ஆனால் சும்மா இருப்பதில்லை, வேறு எங்கோ வேலையில் இருக்கிறார்கள். வாட்ஸ்அப் குழுக்களில் போட்டுப் பார்த்தோம். மூன்று வாரத்தில் வந்த ஆறு பேரில் நான்கு பேர் பஸ்ஸையே காரணம் சொல்லி விலகினார்கள். பிறகு ஒரு கன்சல்டன்சியிடம் போனோம். கட்டணம் ஆண்டுச் சம்பளத்தில் 8.33 சதவீதம், அதாவது ஒரு மாதச் சம்பளம் 20,000. வழக்கமான விகிதம்தான். நேர்முகத்துக்கு வந்தவர்களுக்குப் பஸ் செலவும், தேர்வானவருக்கு மருத்துவப் பரிசோதனையும் சேர்த்து 4,000. ஆக 24,000.

கன்சல்டன்சியிடம் கையெழுத்துப் போடும் முன்பு இரண்டைப் பாருங்கள். ஒன்று, 8.33 சதவீதம் எதன் மேல். மாதச் சம்பளத்தின் மேலா, பி.எஃப்., போனஸ் எல்லாம் சேர்த்த மொத்தத்தின் மேலா என்று எழுத்தில் வாங்குங்கள். எங்களுக்கு முதலில் வந்த பில் இரண்டாவது கணக்கில் 24,500-ஐத் தாண்டியிருந்தது, பேசித் திருத்தினோம். இரண்டு, ஆள் நின்றுவிட்டால் மாற்று ஆள் தரும் காலம். அறுபது நாள், தொண்ணூறு நாள் என்று இருக்கும். அது சேர்ந்த நாளிலிருந்தா, பில் தேதியிலிருந்தா என்பதையும் பணம் திரும்புமா, மாற்று ஆள் மட்டுமா என்பதையும் கேளுங்கள்.

இந்த 24,000-ஐ நான் பிரிப்பதில்லை, முதல் ஆண்டிலேயே முழுவதும் ஏற்றுகிறேன். கணினி நம்மோடு மூன்று ஆண்டு இருக்கும் என்று தெரியும்; ஆள் இருப்பார் என்று தெரியாது.

நேர்முகம் நடத்திய என் நேரம், முதலாளியின் நேரம் இதில் இல்லை. அந்தச் சம்பளம் எப்படியும் போகிறது. ஆள் எடுக்காவிட்டால் மிச்சமாகும் காசு எதுவோ அதை மட்டும் எழுதுவது என் பழக்கம், இல்லாவிட்டால் தாள் வெறும் பயமுறுத்தலாகிவிடும். ஆனால் புதியவருக்குக் கற்றுக்கொடுத்த மாதத்தில் பழைய டிஸ்பாட்ச்காரர் தன் வேலையை மாலையில் உட்கார்ந்து முடித்தார், அதற்கு ஓவர்டைம் 6,000 கொடுத்தோம். அது நிஜச் செலவு, எழுதினேன்.

இரண்டு பத்தியாக எழுதுங்கள்

இதுவரை போட்டதை ஒரே பத்தியில் எழுதினால் பாதிதான் தெரியும். ஆண்டுச் செலவு ஒன்று, அந்த ஆண்டில் கையிலிருந்து போகும் காசு வேறு.

| | ஆண்டுச் செலவு | முதல் 12 மாதக் கைக்காசு |
|---|---|---|
| சம்பளம் | 2,40,000 | 2,40,000 |
| பி.எஃப்., இ.எஸ்.ஐ. | 31,200 | 31,200 |
| போனஸ் | 15,000 | 0 |
| கிராஜுவிட்டி | 8,650 | 0 |
| கருவிகள் | 20,100 | 64,000 |
| மாதாந்திரச் சில்லறை | 13,600 | 13,600 |
| ஆள் தேடல் | 24,000 | 24,000 |
| பயிற்சி ஓவர்டைம் | 6,000 | 6,000 |
| மொத்தம் | 3,58,550 | 3,78,800 |

முதல் பத்தியைப் பன்னிரண்டால் வகுத்தால் மாதம் 29,880. இருபதாயிரம் ரூபாய் ஆள் முப்பதாயிரம் ரூபாய் ஆளானது இப்படித்தான். அடுத்த ஆண்டு ஆள் தேடலும் ஓவர்டைமும் இல்லாததால் 3,28,550-க்கு இறங்கும், சம்பளம் ஏறாவிட்டால்.

இரண்டாவது பத்தியில் பார்க்க வேண்டியது மொத்தம் அல்ல, எந்த மாதத்தில் போகிறது என்பது. கருவிகள், ஆள் தேடல், ஓவர்டைம் மூன்றும் முதல் இரண்டு மாதத்திலேயே 94,000 ரூபாயை எடுத்துவிடும். அதோடு கருவிகளுக்கும் கன்சல்டன்சிக்கும் சேர்த்து 15,120 ரூபாய் ஜி.எஸ்.டி. முன்னால் கட்டிவிட்டுப் பிறகுதான் கழித்துக்கொள்ள முடியும். சம்பளம் போக ஒரு லட்சத்துப் பத்தாயிரம் கையில் இல்லாமல் ஆள் எடுக்கத் தொடங்கினால் காகித மில்லுக்குக் கட்ட வேண்டிய பணத்தில் கை வைக்க வேண்டி வரும்.

போனஸுக்குக் கைக்காசில் சுழி போட்டிருப்பதற்குக் காரணம் உண்டு. ஓணத்துக்குக் கொடுக்கும் போனஸ் முடிந்துபோன நிதியாண்டுக்கானது. எங்கள் ஆள் ஜூனில் சேர்ந்தார், மார்ச்சில் முடிந்த ஆண்டில் அவர் இல்லை. அதனால் முதல் ஓணத்துக்கு அவருக்குச் சட்டப்படி எதுவும் இல்லை, அடுத்த ஓணத்தில் பத்து மாதத்துக்கான போனஸ். ஆனால் எல்லோரும் கவர் வாங்கும் நாளில் ஒருவரை மட்டும் வெறுங்கையோடு அனுப்ப முடியாது. முன்பணமாக இரண்டாயிரம், மூவாயிரம் கேட்பார்கள், தமிழ் ஆட்கள் அதையே தீபாவளிக்குக் கேட்பார்கள். நாங்கள் முன்பணத்தைச் சம்பளக் கடனாக எழுதிப் பிடித்துக்கொள்கிறோம்.

அரசாங்கம் புது வேலைக்குப் பணம் தருகிறதாமே என்று முதலாளி கேட்டார். 2025 ஆகஸ்ட் 1 முதல் 2027 ஜூலை 31 வரை எடுக்கும் ஆட்களுக்கு, பி.எஃப். வழியாக முதலாளிக்கு மாதம் 3,000 வரை இரண்டு ஆண்டு தரும் மத்திய அரசுத் திட்டம் ஒன்று இருக்கிறது. ஆனால் ஐம்பது பேருக்குக் குறைவான இடத்தில் குறைந்தது இரண்டு பேரைக் கூடுதலாக எடுத்து ஆறு மாதம் வைத்திருக்க வேண்டும். நாங்கள் எடுப்பது ஒருவர். தாளில் அந்த வரியே இல்லை. இரண்டு பேர் எடுப்பவர்களும் பணம் வந்த பிறகு எழுதிக்கொள்வது நல்லது.

சம்பளம் ஏற்றும்போது

ஓர் ஆண்டு கழித்து ஆள் 1,500 கேட்டார். 21,500. இ.எஸ்.ஐ. எல்லை 21,000, மொத்தச் சம்பளத்தை வைத்துப் பார்த்த பழைய முறையில் அதைத் தாண்டிவிடும். ஜூனில் ஏற்றினாலும் அந்தப் பங்களிப்புக் காலம் முடியும் செப்டம்பர் 30 வரை கட்டிக்கொண்டே இருக்க வேண்டும், அக்டோபரில்தான் நிற்கும். நமக்கு மாதம் 650-க்கு மேல் மிச்சம் என்று தோன்றும். அவருக்கோ சிங்காநல்லூர் இ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரி போய்விடும், அம்மாவுக்கு அங்கேதான் வைத்தியம் பார்க்கிறார். அடுத்த வாரமே வந்து, “அண்ணா, எனக்கு மெடிக்கிளைம் போட்டுத் தருவீங்களா?” என்றார். குடும்பத்துக்குப் பாலிசி விலை கேட்டுப் பார்த்ததில் நாங்கள் மிச்சப்படுத்துவதைவிட அதிகம் வந்தது. கடைசியில் அவரிடமே கணக்கைக் காட்டினோம். 21,000-இல் நிறுத்தி, மீதி 500-ஐ அடுத்த ஆண்டு உயர்வோடு பெரிதாகச் சேர்த்துத் தருவது என்று முடிவானது. புது ஆண்டுக்கான தாளில் B1-இல் 21,000, B2-இல் 15,750 என்று மாற்றினேன். மூன்று மாதத்துக்கு ஒருமுறை அந்தத் தாளை வங்கிப் புத்தகத்தோடு ஒத்துப் பார்க்கிறேன். இதுவரை பெரிதாக மாறியது டீ மட்டும்தான்.